ரத்தம் வந்துவிட்டது, மதிப்பெண் வரவில்லை: ஆஸ்கி ஸ்டேஷனை எப்படி முடிப்பது?

மலர்விழி

எல்லாருக்கும் வணக்கம். நர்சிங் கடைசி வருடம் படிக்கிறேன். ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் போய் ஒவ்வொன்றிலும் ஒரு வேலையைச் செய்து காட்டும் ஆஸ்கி தேர்வு நெருங்கிவிட்டது. அதற்கு முன்னோட்டமாக ஒரு மாதிரித் தேர்வு வைத்தார்கள். எனக்கு வந்தது கையில் ரத்தம் எடுக்கும் ஸ்டேஷன், எட்டு நிமிடம். நாற்காலியில் ஒருவர் நோயாளியாக நடிக்கிறார். அவர் பக்கத்திலேயே ரப்பர் கை. பேசுவது அவரிடம், குத்துவது ரப்பர் கையில்.

முதல் குத்திலேயே ரத்தம் வந்தது, இரண்டு டியூபும் நிரம்பின. ஆனால் தாளைத் திருப்பிக் கொடுத்தபோது 25-க்கு 15தான். தொடக்கத்துக்கு 7, தயாரிப்புக்கு 5, குத்தி எடுப்பதற்கு 6, முடிப்பதற்கு 7 என்று பிரித்திருக்கிறார்கள். குத்தி எடுத்ததில் ஆறுக்கு ஆறு. தொடக்கத்தில் 4, தயாரிப்பில் 3, முடிப்பதில் வெறும் 2. ஓரத்தில் "முடிவு முழுமையாக இல்லை" என்று எழுதியிருந்தது, வேறு விளக்கம் இல்லை.

ஊசியை எடுத்தேன், பஞ்சு வைத்து அழுத்தினேன், நன்றி சொன்னேன். இதற்கு மேல் முடிப்பதில் என்ன இருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரோஸ்லின்

எனக்கும் இதே பிரச்சினைதான், நேரம் பத்தவே பத்தாது. நான் கண்ட வழி, ரப்பர் கையில் திரும்பத் திரும்பக் குத்திப் பழகி வேகத்தைக் கூட்டுவது. நரம்பைத் தேடுகிற நேரம் குறைந்தால் மிச்சமெல்லாம் தானாக வந்துவிடும்.

மலர்விழி

அக்கா, எனக்கு நேரம் குறையவில்லை. மணி அடிக்க இன்னும் ஒரு நிமிடத்துக்கு மேல் இருந்தது. சும்மா நின்றுகொண்டிருந்தேன். அதுதான் புரியவில்லை.

கதிரவன்

போன வருடம் இதே ஸ்டேஷனில் நல்ல மதிப்பெண் வாங்கினேன், அதனால் சொல்கிறேன். செக்லிஸ்ட் என்பது எக்ஸாமினர் டிக் போடுகிற தாள். அவர் காதில் விழ வேண்டியது விழுந்தால் டிக் விழும். தொடக்கத்துக்கு ஒரே வாக்கியம் தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள்: "வணக்கம், என் பெயர் இது, நான் மாணவி, உங்கள் பெயர் முருகன்தானே, ரத்தம் எடுக்க வந்திருக்கிறேன், சம்மதம்தானே." முடிந்தது. கையை நீட்டிவிட்டாலே சம்மதம் கொடுத்த மாதிரிதான், அதை இழுக்கத் தேவையில்லை.

கடைசியில் நேரம் மிச்சம் பிடிக்க இன்னொரு வழி. டியூபில் லேபிளை முன்னாலேயே எழுதி ஒட்டி வைத்துவிடுங்கள். எடுத்த பிறகு தடுமாற வேண்டாம்.

அப்புறம், ஊசியை எடுப்பதற்கு முன் கையில் இறுக்கிக் கட்டிய டூர்னிக்கெட்டை அவிழ்த்தீர்களா? அது பெரிய மதிப்பெண்.

செண்பகம்

நான் திறன் பயிற்சிக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். தேர்வு நாளில் கையில் தாளோடு உட்காருகிற ஆளும் நான்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கதிரவன், டூர்னிக்கெட் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. "காதில் விழ வேண்டும்" என்பதும் பாதி சரி. ஆனால் லேபிளை முன்னால் ஒட்டுவது தவறு. நாங்கள் மதிப்பெண் குறைப்பதோடு விடுவதில்லை, சில தாள்களில் அந்த ஒன்றுக்கே ஸ்டேஷன் போய்விடும். பெயர் எழுதிய காலி டியூப் ஒன்று மேசையில் கிடக்கிறது, இவரிடம் ரத்தம் வரவில்லை, நீங்கள் அடுத்த படுக்கைக்குப் போகிறீர்கள், அந்த டியூப் கையோடு வருகிறது. தவறான ஆளுடைய ரத்தம் இன்னொருவர் பெயரில் போவது இப்படித்தான். ரத்தம் ஏற்றுவதற்கான சாம்பிளாக இருந்தால் ஓர் உயிரே போகலாம். எடுத்த பிறகு, நோயாளியின் பக்கத்திலேயே, அவருடைய கைப்பட்டையைப் பார்த்து எழுத வேண்டும். அச்சடித்த லேபிளாக இருந்தாலும் ஒட்டுவது எடுத்த பிறகுதான்.

"உங்கள் பெயர் முருகன்தானே" என்று கேட்பதும் அப்படித்தான். காது சரியாகக் கேட்காதவர், பதற்றத்தில் இருப்பவர், எல்லாரும் "ஆமாம்" என்றுதான் சொல்வார்கள். "உங்கள் முழுப்பெயரும் பிறந்த தேதியும் சொல்லுங்கள்" என்று கேட்டு, அவர் வாயால் வந்ததைக் கைப்பட்டையோடும் ரிக்வெஸ்ட் ஃபார்மோடும் ஒப்பிட வேண்டும். ஃபார்மில் பிறந்த தேதியை வேண்டுமென்றே ஓர் எண் மாற்றி வைக்கும் ஸ்டேஷன்களும் உண்டு. கண்டுபிடித்து "இது பொருந்தவில்லை, சரி பார்க்காமல் எடுக்க மாட்டேன்" என்று சொன்னால்தான் முழு மதிப்பெண். மலர்விழி, தொடக்கத்தில் உங்களுக்குப் போன மூன்றில் இரண்டு இங்கே போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

இப்போது உங்கள் கேள்வி. முடிப்பது என்பது நன்றி சொல்வது இல்லை. டியூபில் ரத்தம் வர ஆரம்பித்த நொடியிலேயே முடிப்பது தொடங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் ஆபத்துகள் வரிசையாக நிற்கின்றன. எது முதலில் ஆளைக் காயப்படுத்துமோ அதை முதலில் மூட வேண்டும். வரிசையை மனப்பாடம் செய்வதைவிட இதைப் புரிந்துகொண்டால் பதற்றத்திலும் மாறாது.

முதல் ஆபத்து, கட்டியிருக்கும் கை. டூர்னிக்கெட் இறுகியிருக்கும்போது ஊசியை உருவினால் அழுத்தத்தில் ரத்தம் வெளியே வரும், அல்லது தோலுக்குள் பரவிக் கன்றிப்போகும். கட்டு ஒரு நிமிடத்துக்கு மேல் நீடித்தால் சாம்பிளின் அளவுகளும் மாறத் தொடங்கும். அதனால் கடைசி டியூப் நிரம்பும்போதே கட்டை அவிழ்க்கிறோம். அடுத்து, அந்த டியூபை ஹோல்டரிலிருந்து கழற்றுகிறோம். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். டியூபோடு உருவினால் மிச்சமிருக்கும் வெற்றிடம் இழுத்து, ஊசி நுனியில் சொட்டும். பிறகு காஸ் துணியை மெதுவாக மேலே வைத்து ஊசியை எடுத்து, எடுத்த பிறகுதான் அழுத்துகிறோம். ஊசி உள்ளே இருக்கும்போதே அழுத்தினால் வலிக்கும்.

இரண்டாவது ஆபத்து, உங்கள் கையில் இருக்கும் ஊசி. மூடியைத் திரும்பப் போடக் கூடாது. ஊசியில் பாதுகாப்பு மூடி இருந்தால் அதைத் தட்டி மூடி, ஹோல்டரோடு நேராக ஷார்ப்ஸ் பாக்ஸுக்குள். நடுவில் தட்டில் வைப்பது, பஞ்சைத் தேடுவது, நோயாளியிடம் பேசத் திரும்புவது எதுவும் கிடையாது. இதை நீங்கள் தொடக்கத்திலேயே ஏற்பாடு செய்திருக்க வேண்டும். தேர்வில் பாக்ஸை வேண்டுமென்றே அறையின் அந்தக் கோடியில் வைத்திருப்போம். குத்துவதற்கு முன் அதை எட்டும் தூரத்துக்கு எடுத்து வைப்பவர் யார், ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பவர் யார் என்று பார்ப்பதற்குத்தான். பாக்ஸ் முக்கால் பங்குக்கு மேல் நிரம்பியிருந்தால் வேறு கேட்க வேண்டும். உங்களுக்குத் தயாரிப்பில் போன இரண்டும் முடிப்பதில் போனதும் ஒரே இடத்தில் இருக்கலாம்.

மூன்றாவது, நோயாளியின் கை. அழுத்தச் சொல்லுங்கள், கையை நீட்டியபடியே. முழங்கையை மடக்கினால் கன்றிப்போக வாய்ப்பு அதிகம். இரண்டு மூன்று நிமிடம், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் இன்னும் கூட. பிறகு நீங்களே எடுத்துப் பார்த்து, நின்றுவிட்டதா என்று உறுதி செய்து, பிளாஸ்டர். ஒட்டுவதற்கு முன் அலர்ஜி கேட்டிருக்க வேண்டும்.

நான்காவது சாம்பிள். கலக்குவது, லேபிள், ஃபார்ம். ஊதா மூடி டியூபை எட்டிலிருந்து பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், குலுக்கினால் ரத்த அணுக்கள் உடைந்துவிடும்.

கடைசியில் அவர். எப்படி இருக்கிறது, தலை சுற்றுகிறதா, எழுந்து போகலாமா, ரிசல்ட் யார் சொல்வார்கள், கை வீங்கினால் அல்லது வலி கூடினால் யாரிடம் சொல்ல வேண்டும். அப்புறம் கிளவுஸைக் கழற்றி, கையைச் சுத்தம் செய்து, எப்போது எந்தக் கையில் எடுத்தோம் என்று பதிவு. உங்களுக்கு மிச்சமிருந்த அந்த ஒரு நிமிடத்துக்கு வேலை நிறையவே இருந்தது.

நிலவன்

நான் மருத்துவம் படித்தவன் இல்லை. தேர்வுகளில் நோயாளியாக உட்காருவேன். அந்த நாற்காலியிலிருந்து தெரிவதைச் சொல்கிறேன்.

கதிரவன் எழுதியது மாதிரி ஒரே மூச்சில் வசனம் சொல்பவர்கள் நிறையப் பேர். "சம்மதம்தானே" என்று கேட்கும்போதே டூர்னிக்கெட்டைக் கையில் எடுத்திருப்பார்கள். என் பதிலை எதிர்பார்த்துக் கேட்கவில்லை என்று அப்போதே தெரிந்துவிடும். எனக்குக் கொடுக்கும் குறிப்பில் சில சமயம் "ஊசி என்றால் பயம், கேட்டால் மட்டும் சொல்லவும்" என்று இருக்கும். கேட்டுவிட்டு ஒரு நொடி காத்திருந்தால் சொல்வேன். காத்திருக்காவிட்டால் அது வெளியே வராது, அதற்கான மதிப்பெண்ணும் வராது.

இன்னொன்று. குத்தும்போது முழுக் கவனமும் ரப்பர் கை மேல் போய்விடுகிறது, அது இயல்பு. ஆனால் முடித்த பிறகும் ரப்பர் கையிடமே பேசுகிறார்கள். "அழுத்திப் பிடியுங்கள்" என்று அதைப் பார்த்துச் சொல்வார்கள். நான் என் கையைக் கொண்டுபோய் அதன் மேல் வைப்பேனா மாட்டேனா என்று யோசித்துக்கொண்டிருப்பேன். என் முகத்தைப் பார்த்துச் சொன்னால் அடுத்த நொடியே செய்துவிடுவேன். பல இடங்களில் நோயாளியாக நடிப்பவருக்கும் ஒரு மதிப்பெண் கொடுக்கும் உரிமை உண்டு. நான் அதைக் கடைசி ஒரு நிமிடத்தைப் பார்த்துத்தான் கொடுக்கிறேன்.

கதிரவன்

லேபிள் விஷயம் சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் சம்மதத்தில் எனக்கு உடன்பாடில்லை. வார்டில் தினமும் பார்க்கிறோம். "ரத்தம் எடுக்கணும்" என்றால் கையை நீட்டுகிறார்கள். அது செல்லாது என்றால் வேலை எப்படி நடக்கும்? தேர்வுக்கு ஒரு மாதிரி, வார்டுக்கு ஒரு மாதிரியா?

செண்பகம்

கை நீட்டுவதும் சம்மதம்தான், மறுக்கவில்லை. ஆனால் எதற்கு நீட்டுகிறோம் என்று தெரிந்து நீட்டியிருக்க வேண்டும். பி.பி. பார்க்க என்று நினைத்து நீட்டியவர் ரத்தம் எடுக்கச் சம்மதித்தவர் ஆக மாட்டார். என்ன செய்யப் போகிறோம், எதற்கு, எப்படி இருக்கும், என்ன ஆகலாம் என்று நாலு விஷயம் சொன்னால் போதும். "உங்களுக்கு ரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்க டாக்டர் ஒரு பரிசோதனை எழுதியிருக்கிறார். முழங்கை மடிப்பில் ஒரு சின்ன ஊசியால் இரண்டு டியூப் எடுப்பேன். சுருக்கென்று இருக்கும், அந்த இடம் கொஞ்சம் கன்றலாம். உங்களுக்குக் கேட்க ஏதாவது இருக்கிறதா? எடுக்கலாமா?" நிதானமாகச் சொன்னாலும் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வார்டிலும் இதையே சொல்லலாம்.

இதே இடத்தில் சில கேள்விகளையும் சேர்த்துவிட வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்டா, பிளாஸ்டர் அல்லது ரப்பர் அலர்ஜி உண்டா, முன்பு ரத்தம் எடுத்தபோது மயங்கியதுண்டா, எந்தக் கையிலாவது எடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்களா. மார்பக அறுவையில் அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்தவர், டயாலிசிஸுக்காகக் கையில் ஃபிஸ்டுலா உள்ளவர், இவர்களுக்கு அந்தக் கையைத் தொடக் கூடாது. இந்தப் பதில்கள்தான் கடைசியில் எவ்வளவு நேரம் அழுத்துவது, எதை ஒட்டுவது, படுக்க வைப்பதா உட்கார வைப்பதா என்று முடிவு செய்கின்றன.

சம்மதம் ஒரு முறை வாங்கியதோடு முடிவதும் இல்லை. நடுவில் நோயாளி "போதும், எடுத்துவிடுங்கள்" என்று சொன்னால் அப்போதே நிறுத்த வேண்டும். "இதோ இன்னும் கொஞ்சம்தான்" என்று டியூப் நிரம்பும்வரை தொடர்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லா டிக்கும் விழுந்திருந்தாலும் அவர்களுக்கு மொத்த மதிப்பீட்டில் நான் "திருப்தியில்லை" என்றுதான் போடுவேன்.

ரோஸ்லின்

எனக்கு நடந்ததைக் கேட்கிறேன், இதற்குப் பதில் கிடைக்குமா பாருங்கள். எனக்கு ரப்பர் கையில் ரத்தமே வரவில்லை. அதற்குள் யாரோ எல்லா நரம்பையும் குத்திக் கிழித்து வைத்திருந்தார்கள். ஊசியை உள்ளேயே வைத்து இங்கும் அங்கும் திருப்பிக்கொண்டே இருந்தேன், மணி அடித்துவிட்டது. அது என் தவறா? மதிப்பெண் எப்படிப் போடுவார்கள்?

செண்பகம்

ரத்தம் வராதது உங்கள் தவறில்லை. தாளில் அதற்கு ஒன்றோ இரண்டோ மதிப்பெண்தான் இருக்கும். ஆனால் ஊசி உள்ளே இருக்கும்போது மணி அடித்ததால் முடிப்பதற்கான மொத்தமும் போயிருக்கும்.

இந்தச் சூழலை ஒரு தடவை முழுதாகப் பார்த்துவிடுவோம். எட்டு நிமிட ஸ்டேஷன். தொடக்கம் ஒன்றரை நிமிடம், தயாரிப்பு இரண்டு, குத்தி எடுப்பது இரண்டு, முடிப்பது இரண்டு, மிச்சம் அரை நிமிடம். அதாவது ஐந்தரை நிமிடம் ஆகும்போது ஊசி வெளியே வந்திருக்க வேண்டும், ரத்தம் வந்தாலும் வராவிட்டாலும். குத்தினீர்கள், வரவில்லை. ஊசியைச் சற்றே பின்னிழுத்து ஒரு முறை திசை திருத்தலாம், உள்ளே வைத்துத் துழாவக் கூடாது. அப்போதும் வரவில்லையா, டூர்னிக்கெட்டை அவிழ்த்து, காஸ் வைத்து, எடுத்து, பாக்ஸில் போட்டு, அழுத்தச் சொல்லி, அவர் முகத்தைப் பார்த்து, "மன்னிக்க வேண்டும், இந்த இடத்தில் ரத்தம் வரவில்லை. நீங்கள் சம்மதித்தால் புது ஊசியால் இன்னொரு முறை முயற்சி செய்கிறேன். அதிலும் வரவில்லை என்றால் அனுபவமுள்ள ஒருவரை அழைப்பேன்" என்று சொல்லுங்கள். இரண்டு முயற்சிக்கு மேல் ஒருவரே குத்தக் கூடாது என்பதுதான் பல இடங்களில் வழக்கம். நேரம் இல்லையென்றால் இரண்டாவது முயற்சியை விட்டுவிடலாம். ரத்தம் இல்லாத காலி டியூபுக்கு லேபிள் எழுதாதீர்கள். இப்படி முடித்தவர் ரத்தம் எடுத்து மோசமாக முடித்தவரைவிட அதிகம் வாங்கி நான் பார்த்திருக்கிறேன்.

1975-ல் டண்டியில் ரொனால்ட் ஹார்டன் குழுவினர் இந்தத் தேர்வு முறையை வெளியிட்டபோது, எல்லாருக்கும் ஒரே நோயாளி, ஒரே தாள் என்று அதிர்ஷ்டத்தைக் குறைப்பதே நோக்கமாக இருந்தது. கிழிந்த ரப்பர் கை அதிர்ஷ்டத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிடுகிறது. அதனால் கை பழுது என்று தோன்றினால் எக்ஸாமினரிடம் உடனே சொல்லுங்கள். சொன்னதை நாங்கள் தாளில் குறிப்போம்.

மலர்விழி

எனக்கு இப்போது புரிகிறது. நான் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன், பாக்ஸ் பின்னால் இருந்தது. லேபிள் எழுதவே இல்லை, டியூபை நிமிர்த்தி வைத்துவிட்டேன்.

இரண்டு சந்தேகம் மிச்சம். ஒன்று, செய்வதையெல்லாம் வாயால் சொல்லிக்கொண்டே போக வேண்டுமா? எங்கள் வகுப்பில் சிலர் வர்ணனை மாதிரி சொல்கிறார்கள். இரண்டாவது, கிளவுஸைக் கழற்றிவிட்டு லேபிள் எழுதுவதா, போட்டபடியே எழுதுவதா?

கதிரவன்

சொல்லிக்கொண்டே போவதுதான் பாதுகாப்பு. எக்ஸாமினர் தாளைப் பார்த்துக் குனிந்திருக்கும் நொடியில் நீங்கள் டூர்னிக்கெட்டை அவிழ்த்தால் அவருக்குத் தெரியாது. சொன்னால் தெரியும்.

நிலவன்

நோயாளி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் அது பயங்கரமாக இருக்கும். "இப்போது ஊசியின் சாய்வு முகம் மேலே, முப்பது டிகிரிக்குள் நுழைக்கிறேன்" என்று என் தலைக்கு மேல் இன்னொருவரிடம் சொல்கிறார்கள். எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தால் எழுந்து ஓடியிருப்பேன்.

செண்பகம்

இதில் எக்ஸாமினர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. என் வழக்கத்தைச் சொல்கிறேன். கண்ணுக்குத் தெரிவதைச் சொல்ல வேண்டாம். கண்ணுக்குத் தெரியாததை நோயாளியிடம் சொல்வது மாதிரியே சொல்லலாம். ஊசி காலாவதித் தேதியைப் பார்த்தால் அது உங்கள் தலைக்குள் நடப்பது, எனக்குத் தெரியாது. "தேதி சரியாக இருக்கிறது, பாக்கெட் பிரியவில்லை" என்று ஒரு வார்த்தை. டூர்னிக்கெட்டை அவிழ்க்கும்போது "கட்டைத் தளர்த்திவிட்டேன், கை லேசாகும்" என்று அவரிடம் சொல்லுங்கள். அவருக்கு ஆறுதல், எனக்குச் செய்தி. கதிரவனின் பயமும் தீர்ந்துவிடும்.

செய்யாததைச் செய்ததாகச் சொன்னால் மட்டும் டிக் போட மாட்டோம். "கை கழுவிவிட்டேன்" என்று சொல்லி முன்னே போனால் எங்கள் இடத்தில் மதிப்பெண் கிடையாது. தேய்ப்பு மருந்து மேசையில் இருக்கிறது, தேய்க்க வேண்டும். சில ஸ்டேஷன்களில் "கழுவியதாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று கதவில் ஒட்டியிருப்பார்கள், அப்போது சரி. வெளியே நின்று கேள்வித்தாளைப் படிக்கும் நேரத்தில் அதைப் பாருங்கள்.

கிளவுஸ் பற்றி என்னால் ஒரே பதிலாகச் சொல்ல முடியாது. டியூபின் வெளிப்புறத்தில் ரத்தம் பட்டிருக்கலாம், போட்டபடியே எழுது என்பார்கள் சிலர். அந்தப் பேனா அப்புறம் எல்லார் கைக்கும் போகிறது, கழற்றிக் கை சுத்தம் செய்துவிட்டு எழுது என்பார்கள் சிலர். இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது. உங்கள் கல்லூரித் தாளில் எது மேலே அச்சாகியிருக்கிறதோ அந்த வரிசையில் செய்யுங்கள். எது எப்படியானாலும் நோயாளியை விட்டு நகர்வதற்கு முன் லேபிள் எழுதியிருக்க வேண்டும், கிளவுஸ் கழற்றியதும் கை சுத்தம் செய்திருக்க வேண்டும்.

ரோஸ்லின்

எங்கள் தாளில் கிளவுஸ் கழற்றுவதுதான் முதலில். ஆனால் சொல்லித்தரும் மேடம் போட்டபடியே எழுதச் சொல்கிறார். நாளைக்கே கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.

மலர்விழி

கடைசியாக ஒன்று. ஊசி பாக்ஸில் போய்விட்டது, நோயாளி அழுத்திப் பிடித்திருக்கிறார், லேபிள் இன்னும் எழுதவில்லை, அதற்குள் ஒரு நிமிட எச்சரிக்கை மணி. அந்த ஒரு நிமிடத்தில் எதை முதலில் செய்வது?

செண்பகம்

காஸைத் தூக்கி ரத்தம் நின்றதா என்று ஒரு பார்வை, நிற்கவில்லை என்றால் தொடர்ந்து அழுத்தச் சொல்வது. உடனே லேபிள், எழுதிக்கொண்டே "தலை சுற்றுகிறதா" என்று கேளுங்கள். பெயர், பிறந்த தேதி, நேரம், கையெழுத்து, கைப்பட்டையைப் பார்த்து. மிச்சமிருந்தால் பிளாஸ்டரும் கை சுத்தமும். பதிவு எழுத நேரமில்லை என்றால் என்ன எழுதுவீர்கள் என்று வாயால் சொல்லுங்கள். அது நடக்க வேண்டிய வேலை என்று உங்களுக்குத் தெரியும் என்பதையாவது நாங்கள் குறித்துக்கொள்வோம், அரை மதிப்பெண் கொடுக்கும் தாள்களும் உண்டு. இறுதி மணி அடித்துவிட்டால் பேனாவை வைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு எழுதுவது கணக்கில் வராது, அடுத்த ஸ்டேஷன் கதவில் இருக்கும் தாளைப் படிக்கும் நேரமும் போய்விடும்.